வசூல் வேலையிலிருந்து சமூகவியலுக்கு: ஒரு விண்ணப்பக் கடிதம் உருவான விதம்

சேலத்தில் குழுக் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் ஃபீல்டு ஆபீசராகச் சேர்ந்து, கிளை அளவில் பொறுப்பு வகிக்கும் நிலைக்கு வந்தவர் அவர். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. படித்தது பி.காம். இப்போது சமூகவியலில் முதுகலை படிக்க வேண்டும் என்று முடிவெடுத்திருந்தார். நான் சமூகவியல் படித்தவள், சில ஆண்டுகள் கல்லூரியில் பாடம் எடுத்தவள் என்பதால் தெரிந்தவர் ஒருவர் மூலம் என்னிடம் வந்தார். அவருடைய பெயர், நிறுவனத்தின் பெயர், கடன் வாங்கிய பெண்களின் அடையாளம் எதையும் இங்கே தரவில்லை. கடிதம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. இங்கே வரும் பகுதிகளை அதன் பொருள் கெடாமல் தமிழில் தருகிறேன். அவர் சம்மதித்துத்தான் எழுதுகிறேன்.

வேலையிலிருந்து துறை மாறி வருகிறவர்கள் எழுதும் பர்சனல் ஸ்டேட்மென்டில் எதை வைத்து எடைபோடுகிறார்கள் என்பதை இந்த ஒரு கடிதத்தைக் கொண்டே காட்டிவிடலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் தகுதி

கடிதத்தைத் தொடுவதற்கு முன்னால் எங்கே விண்ணப்பிப்பது என்று பார்த்தோம். நம் நாட்டில் பல பல்கலைக்கழகங்கள் எந்த இளநிலைப் பட்டம் பெற்றவரையும் எம்.ஏ. சமூகவியலுக்கு அனுமதிக்கின்றன. மத்தியப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் சி.யூ.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுகலைத் தேர்வு வழியாகத்தான் இடம். அது 2022-இல் தொடங்கியது. அங்கே மதிப்பெண்தான் பேசும், கடிதத்துக்கு வேலையில்லை. கடிதமும் நேர்காணலும் கேட்பவை பெரும்பாலும் தனியார் பல்கலைக்கழகங்களும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும். வெளிநாட்டில் சில துறைகள், இளநிலையில் சமூக அறிவியல் பாடம் இருந்தே ஆக வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றன. எவ்வளவு நன்றாக எழுதினாலும் கடிதம் அந்த விதியைத் தளர்த்தாது. அவருடைய பட்டியலில் அப்படி ஒன்று இருந்தது. அதை அன்றே எடுத்துவிட்டோம். மிஞ்சியவை இரண்டு: வெளிநாட்டில் ஒன்று, 1000 சொல் வரம்பு. இந்தியாவில் ஒன்று, 500 சொல்லும் நேர்காணலும்.

அவர் கொண்டுவந்த கடிதம்

அவர் கொண்டுவந்த வரைவு இப்படித் தொடங்கியது: “சிறு வயதிலிருந்தே சமூகத்தைப் பற்றி அறிய வேண்டும் என்ற ஆர்வம் எனக்கு இருந்தது.” அடுத்த பத்தியில் எத்தனை பெண்களுக்குக் கடன் கொடுத்தார், கடன் குழுக்கள் கூடி டியூ கட்டும் சென்டர்கள் எத்தனை தொடங்கினார், வசூல் சதவீதம் எவ்வளவு என்று வரிசையாக வந்தது. அதற்கடுத்த இரண்டு பத்திகளில் கோபம். டார்கெட், மாதக் கடைசி நெருக்கடி, டியூ கட்ட முடியாத வீட்டுத் திண்ணையில் இருட்டும் வரை உட்கார்ந்திருக்க வேண்டிய நிலை, இது பெண்களை முன்னேற்றுவதாகச் சொல்லிக்கொண்டு சுரண்டுவது என்ற தீர்ப்பு. முடிவில், சமூகவியல் படித்தால் இதையெல்லாம் மாற்ற முடியும் என்ற நம்பிக்கை.

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அந்தக் கோபத்தின் நியாயத்தை நான் சந்தேகிக்கவும் இல்லை. ஆனால் சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்து படிக்கிறவர் இதிலிருந்து என்ன தெரிந்துகொள்வார்? வசூல் சதவீதம் அவர் நல்ல ஊழியர் என்று சொல்கிறது. கோபம் அவருக்கு மனசாட்சி இருக்கிறது என்று சொல்கிறது. சமூகவியல் மாணவராக எப்படி யோசிப்பார் என்பதற்கு மட்டும் ஒரு தடயமும் இல்லை. சுரண்டல் என்ற முடிவை முன்னாலேயே எழுதிவிட்டதால், படிக்க வருவதற்கான காரணமும் மறைந்துபோகிறது. விடை தெரிந்தவர் இரண்டு வருடம் எதற்காகப் படிக்க வேண்டும்?

இதைச் சொன்னதும் அவர் அடுத்த வரைவில் கோபத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சமூகவியல் அறிஞர்களின் பெயர்களையும் கலைச்சொற்களையும் நிரப்பிக்கொண்டு வந்தார். துர்க்கைம், வெபர், பூர்தியூ, சமூக மூலதனம். துறை மாறுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கட்டத்தைக் கடக்கிறார்கள். தன்னிடம் இல்லாத பட்டத்தைப் பெயர்களால் ஈடுகட்டப் பார்க்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: வாக்கியத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டுப் படிக்க வேண்டும். பொருள் குறையவில்லை என்றால் அந்தப் பெயர் அங்கே வேலை செய்யவில்லை. “பூர்தியூ சொல்வது போல, சமூக மூலதனம் குழுக்களில் முக்கியப் பங்கு வகிக்கிறது” என்று எழுதியிருந்தார். பூர்தியூவை எடுத்தால் குழுக்களில் உறவுகள் முக்கியம் என்பதுதான் மிஞ்சும். ஏற்காட்டுப் பக்கத்து நாகலூரில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

ஆபீஸ் விளக்கம் எங்கே உடைந்தது

எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேசினோம். நான் கேட்டது ஒன்றுதான்: “உங்க ஆபீஸ்ல எல்லாரும் ஒத்துக்கற ஒரு விளக்கம், உன் கண்ணு முன்னாடி பொருந்தாமப் போன இடம் ஏதாவது உண்டா?”

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “இருக்குதுங்க அக்கா. மழை மாசத்துல மலையில கூலி இல்ல. ஆனா டியூ நிக்கறதில்ல.”

மலை என்று அவர் சொன்னது, வசூலுக்குப் போகும் சேர்வராயன் மலையின் ஏற்காட்டை. இதைப் புரிந்துகொள்ள அங்கே எஸ்டேட் வேலையின் ஓட்டம் தெரிய வேண்டும். சேர்வராயன் மலைக்கு 1820-களில் அப்போதைய சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்பார்கள். அன்றிலிருந்து அங்கே கூலி, காப்பியின் பருவத்தைப் பின்தொடர்கிறது. கார்த்திகை தொடங்கித் தைக்குப் பிறகும் சில வாரம் பழம் பறிப்பு. அதன் வாலைப் பிடித்து மிளகு. அந்த மாதங்களில் வீட்டில் இரண்டு பேருக்கும் வேலை. மற்ற மாதங்களில் களை எடுப்பது, நிழல் மரம் கழிப்பது என்று விட்டுவிட்டு வேலை. மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை. குழுக் கடனின் டியூவோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரே தொகை.

கடன் கொடுக்கும்போது இந்த ஏற்ற இறக்கம் படிவத்தில் காணாமல் போகிறது. ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள வீட்டுக்கு அடமானம் இல்லாமல் தரும் கடன் மைக்ரோ ஃபைனான்ஸ். வீட்டின் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதம் கட்டும் தொகை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அவர் எனக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். எந்த வீட்டையும் குறிக்காத, எண்கள் மாற்றிய கணக்கு. பறிப்புக் காலத்தின் நான்கு மாதம் வீட்டு வருமானம் 18,000 ரூபாய், மற்ற எட்டு மாதம் 7,000. ஆண்டுக்கு 1,28,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் சுமார் 10,667. அதில் பாதி 5,333. மாதம் 4,200 டியூ என்றால் படிவம் ஒத்துக்கொள்கிறது. ஆனால் 7,000 வரும் மாதத்தில் அந்த 4,200 என்பது வருமானத்தில் நூற்றுக்கு 60. விதி மீறப்படவில்லை, கணக்கும் தப்பில்லை. அப்படியிருந்தும் ஆடி மாதத்தில் ஒரு வீடு தன் வருமானத்தில் பாதிக்கு மேல் கட்டுகிறது, அதுவும் நாள் தவறாமல்.

எப்படி? ஆபீஸ் சொல்லும் விளக்கம் கூட்டுப் பொறுப்பு. ஐந்து பேர் ஒரு குழு. ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற நால்வரும் சேர்ந்து கட்ட வேண்டும். அந்தப் பயத்திலும் பழக்கத்திலும் பணம் வந்துவிடுகிறது. பயிற்சி வகுப்பில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அவரும் புதிதாக வந்த பையன்களுக்கு இதையே சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

இந்த விளக்கம் உடைந்த இடம் ஒரு குழு லீடரின் நோட்டு. மலைமேல் ஒரு சென்டர் மீட்டிங். மழைக்கு ஒதுங்கி லீடர் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். பாஸ்புக்குகளை எடுக்கும்போது அவற்றோடு ஒரு பள்ளிக்கூட நோட்டும் வந்து விழுந்தது. அட்டையில் பையனின் பெயர், வகுப்பு. உள்ளே பின்பக்கத்திலிருந்து எழுதிய கணக்கு: தேதி, யாருக்காக யார் போட்டது, எவ்வளவு, திரும்பியதா. திரும்பியதைப் பென்சிலால் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தார்கள். கம்பெனியின் கணக்கில் வராத இரண்டாவது கணக்கு இது. “கைமாத்துங்க மேடம், எங்களுக்குள்ள” என்று லீடர் சிரித்துக்கொண்டே மூடிவிட்டார்.

நோட்டு திறந்திருந்த அந்தச் சில நிமிடங்களில் இவர் கண்ணில் பட்டது ஒன்று. கூட்டுப் பொறுப்பு என்றால் நால்வரும் பங்கு போட்டிருக்க வேண்டும். நோட்டில் அப்படி இல்லை. கொடுத்தவர்களின் பெயர்கள் இரண்டுதான், திரும்பத் திரும்ப. வாங்கியவர்களின் பெயர்களும் இரண்டுதான். ஐந்தாவது பெண்ணின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆனால் அந்த ஐந்தாவது பெண்ணும் டியூ தவறியதில்லை. அவர் கீழே டவுனில் தண்டல்காரரிடம் வாங்கிக் கட்டுகிறார் என்பது சென்டரில் எல்லோருக்கும் தெரியும். வட்டியில்லாத கைமாத்து பக்கத்து வீட்டில் இருக்கும்போது வட்டிக்கு ஏன் போக வேண்டும்? இவர் ஒரு தடவை கேட்டிருக்கிறார். பதில்: “கேட்டாக் குடுப்பாங்க. நான் கேக்க மாட்டேன்.” மற்ற நால்வரும் அந்த மலையிலேயே பிறந்த மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள். ஐந்தாமவர் சமவெளியிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்து லைன் வீட்டில் குடியிருப்பவர்.

“இதை ஏன் கடிதத்துல எழுதல?” என்று கேட்டேன். “இது சின்ன விஷயம்தானுங்களே” என்றார்.

கடிதத்துக்கு வேண்டியது இதுதான். கைமாத்து யார் யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்கவே முடியாது என்பதை எது தீர்மானிக்கிறது? கூட்டுப் பொறுப்பு என்ற ஏற்பாடு, ஏற்கெனவே இருக்கும் இந்த உறவுகளின் மேல் சவாரி செய்கிறதா, அல்லது அவற்றை மாற்றுகிறதா? நூறு சதவீத வசூல் என்ற ஒரே எண்ணுக்குள், உறவால் கட்டியவரும் வட்டியால் கட்டியவரும் ஒன்றாகக் கலந்துபோகிறார்கள். இப்படிக் கேட்கும்போது நிறுவனத்தைத் திட்டவும் வேண்டாம், பாராட்டவும் வேண்டாம். இந்தக் கேள்விக்கு வணிகவியலில் கருவி இல்லை. அதனால்தான் துறை மாற வேண்டியிருக்கிறது. ஏன் மாறுகிறேன் என்று தனியாக ஒரு பத்தி எழுதும் தேவையே அதன் பிறகு இல்லாமல் போனது.

அந்தப் பத்தி எழுதப்பட்ட விதம்

1000 சொல்லில் இந்தப் பகுதிக்கு மட்டும் 330 சொல் ஒதுக்கினோம். தொடக்கத்துக்கு 120. படித்தவற்றுக்கு 180. தன் பார்வையின் எல்லைக்கு 150. ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்தத் துறை என்பதற்கு 150. பின்னால் என்ன செய்ய எண்ணம் என்பதற்கு 70. துறை மாறுகிறவர்கள் வழக்கமாக வேலை வரலாற்றுக்குப் பாதி இடம் கொடுத்துவிடுவார்கள். அது பயோடேட்டாவில் ஏற்கெனவே இருக்கிறது.

முதலில் அவர் எழுதியது: “சாதி வேறுபாடு காரணமாக அந்தப் பெண் குழுவில் உதவி கேட்கவில்லை.” இங்கேதான் நான் அவரோடு அதிக நேரம் செலவிட்டேன். கேட்கவில்லை என்பது அவர் பார்த்தது. சாதிதான் காரணம் என்பது அவர் ஊகம். ஒரு சென்டர், ஒரு நோட்டு, சில நிமிடம். வேறு காரணம் இருக்க முடியாதா என்று கேட்டேன். அவரே சொன்னார்: அந்தக் குடும்பம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. வேறு எஸ்டேட்டுக்குப் போனாலும் போய்விடும். திருப்பித் தருவதற்குள் ஊரைவிட்டுப் போகக்கூடியவர் கடன் கேட்கத் தயங்கலாம், கொடுப்பவரும் தயங்கலாம். அப்படியென்றால் காரணம் சாதியாக இல்லாமல் குடியிருப்பின் நிலையாமையாக இருக்கலாம். இரண்டும் பின்னிக்கிடக்கவும் கூடும். இந்த இரண்டு விளக்கங்களையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நீண்ட காலமாக லைன் வீட்டிலேயே இருக்கும் வேறு சாதிக் குடும்பங்களும் கேட்காமல் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

கடிதத்தில் கடைசியாக நின்ற பகுதி இது:

“குழுவில் நால்வருக்குள் ஓடிய கைமாத்துக் கணக்கில் ஐந்தாமவர் இல்லை. அவர் வட்டிக்கு வாங்கிக் கட்டினார். அவருடைய சாதி வேறு என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அவர் புதிதாகக் குடிவந்தவர், எந்த நேரமும் இடம் மாறக்கூடியவர் என்பதும் காரணமாக இருக்கலாம். ஒரு குழுவைப் பார்த்து இதை என்னால் சொல்ல முடியாது. பல ஆண்டுகள் குடியிருந்தும் கைமாத்துக் கணக்குக்கு வெளியே நிற்பவர்கள் உண்டா என்று தேடுவதுதான் அடுத்த படி. அதை எப்படித் தேடுவது என்று கற்றுக்கொள்ளவே விண்ணப்பிக்கிறேன்.”

தனக்கு எதிரான விளக்கத்தைத் தானே எடுத்துவைத்து, அதைச் சோதிக்க ஒரு வழியும் சொல்கிறவர் இளநிலையில் சமூகவியல் படிக்கவில்லை என்பதை ஆசிரியர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முறையியல் வகுப்பில் நாங்கள் ஒரு பருவம் முழுக்க மாணவர்களிடம் கொண்டுவரப் பாடுபடுவது இந்தப் பழக்கத்தைத்தான்.

படித்தது

பெயர்ப் பட்டியல் போனது. அதன் இடத்தில் இரண்டு படைப்புகள். ஒன்று, இசபெல் கெரான் 2014-இல் வெளியிட்ட கட்டுரை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பெண்கள் ஒரு கடனை இன்னொரு கடனால் எப்படிச் சமாளிக்கிறார்கள், கடன் யாரிடமிருந்து வருகிறது என்பது அவர்களுடைய மரியாதையையும் உறவையும் எப்படித் தொடுகிறது என்பதைப் பேசுவது. ஐந்தாமவர் வட்டிக்குப் போனது முட்டாள்தனம் இல்லை, யாருக்குக் கடன்பட்டிருக்கச் சம்மதம் என்ற தேர்வு அது என்று பார்க்க இவருக்கு அந்தக் கட்டுரை உதவியது. இதை ஒப்புக்கொண்டுவிட்டு, எஸ்டேட் லைன் போல எல்லோருமே ஒரே முதலாளியை நம்பி, ஒரே பருவத்தில் பணமில்லாமல் போகும் இடத்தில் இது எப்படி இருக்கும் என்று தன் கேள்வியை அதன் பக்கத்தில் வைத்தார். எல்லோர் கையும் ஒரே நேரத்தில் காலியாகும் இடத்தில் கைமாத்து ஓடுகிறது என்றால், நோட்டில் கொடுத்தவர்களாக இருந்த அந்த இரண்டு பேருக்கு மட்டும் வேறு வருமானம் எங்கிருந்து வந்தது என்ற உபகேள்வியும் அதிலிருந்து பிறந்தது. அதை அவரே கண்டுபிடித்தார்.

இரண்டாவது, ஆந்த்ரே பெத்தேய் தஞ்சாவூர்ப் பகுதிக் கிராமம் ஒன்றை ஆராய்ந்து 1965-இல் வெளியிட்ட நூல். அவர் அந்தக் கிராமத்தில் அக்கிரகாரத்தில் தங்கியிருந்தார். அதனால் ஊரின் மற்றத் தெருக்களோடு அவரால் எந்த அளவு நெருங்க முடிந்தது என்பது அந்த ஆய்வைப் படிக்கும் யாரும் கவனிக்க வேண்டியது. இது இவருக்கு ஏன் தேவைப்பட்டது என்பது அடுத்த பகுதியில்.

பை தோளில் இருந்தபோது பார்த்தது

வேலையிலிருந்து வருகிறவர்கள் “ஏழு ஆண்டு களத்தில் இருந்தேன், மக்களை எனக்குத் தெரியும்” என்று எழுதுவார்கள். துறைக்குள் இருப்பவர்களை இந்த வாக்கியம் உடனே உஷாராக்கும். இவர் களத்தில் இருந்தது உண்மை. ஆனால் வசூல் பையோடு இருந்தார். அவரிடம் ஒரு பெண் சொல்வது, கடன் வாங்கியவர் கடன் கொடுக்கும் ஆபீசரிடம் சொல்வது. அடுத்த சுற்று லோனுக்கு அவர் கையெழுத்து வேண்டும். வீட்டில் பிரச்சினை என்று சொன்னால் லோன் குறையலாம், வேறு கம்பெனியில் கடன் இருக்கிறது என்று சொன்னால் கிடைக்காமலே போகலாம். ஆண்கள் வீட்டில் இல்லாத காலை நேரத்தில்தான் மீட்டிங் என்பதால் கணவன்மார் பக்கத்துக் கணக்கு அவர் காதுக்கே வந்ததில்லை. பெத்தேய் எந்தத் தெருவில் தங்கினாரோ அது அவர் பார்த்ததை வரையறுத்தது என்றால், இவருடைய தெரு வசூல் பை. இதை 150 சொல்லில் அவர் எழுதியபோது கடிதத்திலேயே மிக நேர்மையான பகுதி அதுவாக அமைந்தது.

இதோடு சேர்ந்த இன்னொன்று ஆய்வு அறம். அவரிடம் பல ஆண்டுக் கடன் தரவுகளைப் பார்க்கும் வசதி இருந்தது. முதலில், “என்னிடம் உள்ள தரவுகளை ஆய்வுக்குப் பயன்படுத்துவேன்” என்று ஒரு வரி எழுதியிருந்தார். ஆதார் நகலும் குடும்ப வருமானமும் அந்தப் பெண்கள் கடனுக்காகக் கொடுத்தவை. ஆய்வுக்காகக் கொடுக்கவில்லை. நிறுவனத்தின் சொத்தும்கூட. இப்படி ஒரு வரி இருந்தால் சேர்க்கைக் குழு மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டு இதைத்தான் நினைவில் வைக்கும். வரியை மாற்றினோம்: நிறுவனத்தின் பதிவு எதுவும் தன்னிடம் இல்லை, லீடரின் நோட்டை நகலெடுக்கவில்லை, தான் வசூல் செய்த சென்டர்களில் ஆய்வு செய்யப் போவதில்லை. கடைசி வாக்கியத்துக்குக் காரணமும் எழுதினார்: லோன் கொடுத்த மேடம் பேட்டி கேட்டால் அந்தப் பெண்களால் மனம்விட்டு மறுக்க முடியாது.

அப்படியானால் எங்கே ஆய்வு? சேலத்திலேயே, அவர் வசூலுக்குப் போகாத இடம் ஒன்றைச் சொன்னார்: செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கத்தில் வீட்டிலிருந்தபடியே வெள்ளிக் கொலுசு வேலை செய்யும் பெண்கள். அங்கேயும் பட்டறைக்காரரிடம் முன்பணம், அக்கம்பக்கத்தில் கைமாத்து, குழு லோன் மூன்றும் ஒரே வீட்டில் இருக்கும். மலையில் எழுந்த கேள்வியை ஊருக்குள் எடுத்துப் போகலாம். முதுகலை ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்குத் தாங்கும் அளவும் அதுதான். “மைக்ரோ ஃபைனான்ஸ் பெண்களின் வாழ்க்கையை எப்படி மாற்றுகிறது” என்பது ஒருவர் வாழ்நாள் முழுக்கச் செய்தாலும் முடியாத தலைப்பு.

ஏன் இந்தப் பல்கலைக்கழகம் என்ற பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இணையப் பக்கத்தில் உள்ள புகழுரையை அவர்களுக்கே திருப்பி எழுதக் கூடாது. பாடத்திட்டத்தில் இருந்த பொருளாதாரச் சமூகவியல் தாளையும் களஆய்வு முறைகள் தாளையும் எடுத்து, தன் கேள்வியின் எந்தப் பாதிக்கு எது வேண்டும் என்று எழுதினார். பரிந்துரைக் கடிதங்களில் ஒன்று கல்லூரி ஆசிரியர், இன்னொன்று மேலதிகாரி. மேலதிகாரி தன் போக்கில் எழுதினால் டார்கெட்டைத்தான் எழுதுவார். ஆகவே, மலைப்பகுதி டியூவைப் பருவத்துக்கேற்ப மாற்றலாமா என்று இவர் முன்பு எழுதிக்கொடுத்த ஆறு பக்க அறிக்கையைக் கையில் கொடுத்து, அதைப் பற்றி எழுதும்படி கேட்கச் சொன்னேன். அவரும் மனமுவந்து எழுதினார்.

500 சொல்லும் நேர்காணலும்

இந்தியப் பல்கலைக்கழகத்துக்கு 1000-ஐப் பாதியாக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் எல்லாமே மங்கிவிடும். தொடக்கத்தையும் எதிர்காலத் திட்டத்தையும் முழுதாக எடுத்தோம். கடிதம் நேராக “காப்பிப் பறிப்பு இல்லாத மாதங்களில் ஏற்காட்டு மலையில் கூலி குறைகிறது, குழுக் கடனின் டியூ குறைவதில்லை” என்று தொடங்கியது. நோட்டு, இரண்டு விளக்கங்கள், வசூல் பை மூன்றும் கிட்டத்தட்ட முழுதாக நின்றன. கெரானுக்கு இரண்டு வாக்கியம். பெத்தேய்க்கு ஒன்று.

நேர்காணலில் வேலையைப் பற்றி ஒரே கேள்வி. மீதி நேரம் முழுக்க ஐந்தாமவரைப் பற்றி. “நான் கேக்க மாட்டேன் என்று அந்தப் பெண் சொன்னது, கடன் கொடுக்கும் அதிகாரியிடம் தன் கௌரவத்தைக் காட்டச் சொன்னதாக ஏன் இருக்கக் கூடாது?” என்று ஒரு பேராசிரியர் கேட்டிருக்கிறார். “இருக்கலாம் சார். அதனாலதான் அந்த வார்த்தையை ஆதாரமா வைக்கல. நோட்டுல அவங்க பேரு இல்லைங்கறத மட்டுந்தான் நான் பார்த்ததா எழுதியிருக்கேன்” என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். “நோட்டில் பேர் இல்லாததாலேயே கைமாத்து வாங்கவில்லை என்று ஆகிவிடுமா? எழுதாமல் கொடுத்திருக்கலாமே?” என்று இன்னொருவர். இதை நாங்கள் யோசித்திருக்கவில்லை. எழுதி வைப்பது நம்பிக்கை குறைந்த இடத்திலா, கூடிய இடத்திலா என்று தனக்குத் தெரியாது, ஆனால் அந்த நோட்டில் நெருங்கிய உறவுக்காரர்கள் இருவரின் கணக்கும் எழுதியிருந்தது என்று அங்கேயே நினைவுபடுத்திச் சொன்னாராம். அதற்குப் பிறகு பேராசிரியர்கள் இருவரும் தங்களுக்குள் கொஞ்ச நேரம் அதைப் பற்றி விவாதித்திருக்கிறார்கள்.

வெளிநாட்டு இடமும் வந்தது, உதவித்தொகை வரவில்லை. இந்திய இடத்தை எடுத்துக்கொண்டார். சமூகவியல் அடிப்படைத் தாள் ஒன்றை இளநிலை மாணவர்களோடு உட்கார்ந்து கேட்கும்படி துறை சொல்லியிருக்கிறது. வேலையை விடுவதற்கான நோட்டீஸ் காலம் முடியும்வரை மலைக்கு வேறொருவர் வசூலுக்குப் போகும்படி அவரே கேட்டு மாற்றிக்கொண்டார்.